வந்தவருக்கு ஒரு மடல், வராதவருக்கு வேறு மடல்



நம் வீட்டுக் கல்யாணம் முடிந்த மறுநாள், அழைப்பிதழ் கொடுத்த அத்தனை பேருக்கும் "நேரில் வந்து மணமக்களை வாழ்த்தியமைக்கு நன்றி" என்று ஒரே அச்சடித்த அட்டையை அனுப்பினால் எப்படி இருக்கும்? வந்தவர் சரி என்று வாங்கி வைப்பார். வராதவர் என்ன நினைப்பார்? "நான் வந்தேனா வரவில்லையா என்பதுகூட இவர்களுக்குத் தெரியவில்லை" என்றுதான் நினைப்பார். நாம் குடும்பத்தில் ஒருநாளும் செய்யாத இந்தத் தவறை, சங்கத்தின் பெயரால் அண்மைக்காலமாகத் தாராளமாகச் செய்து வருகிறோம்.

கைப்பேசி வழியாக நடக்கும் கூட்டங்களைத்தான் சொல்கிறோம். வெபினார் என்று இப்போது எல்லோரும் அழைக்கிறார்கள். கொரோனா காலத்தில் வேறு வழியின்றித் தொடங்கிய இந்தப் பழக்கம், இன்று வரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு, எடையளவு முத்திரை என்று எதற்கெடுத்தாலும் வந்து நிற்கிறது. நாம் இதை எதிர்க்கவில்லை. கடலூரில் ஓர் அரை மணி விளக்கம் கேட்கச் சிதம்பரத்திலிருந்தும் அண்ணாமலை நகரிலிருந்தும் கடையைப் பூட்டிக்கொண்டு போய்வந்தால் அரைநாள் வியாபாரம் போயிற்று. ஆனால் பெயர் பதிவு செய்தவர்களில் பெரும்பகுதியினர் கூட்டத்துக்கு வருவதில்லை. கூட்டம் முடிந்ததும் வந்தவர், வராதவர் இருவருக்கும் ஒரே செய்தி போகிறது. "கலந்துகொண்டமைக்கு நன்றி, பதிவு இணைப்பு கீழே" என்று இரண்டு வரி. அதோடு காரியம் முடிந்ததாக எண்ணிவிடுகிறோம்.

இது மரியாதையைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. கைக்காசு போகிற விஷயமும் இதில் இருக்கிறது. கணக்குக்காக ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. மன்றத்தின் 56ஆவது கூட்டத்தில் வரி விகிதங்கள் மாற்றப்பட்டதும், புதிய விகிதங்கள் செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்ததும் நமக்கெல்லாம் நினைவிருக்கும். இடையில் இருந்தது மூன்று வாரம்கூட இல்லை. அந்த நாட்களில் ஊருக்கு ஊர் சங்கங்கள் விளக்கக் கூட்டம் நடத்தின. அப்படி ஒரு மாலைக் கூட்டத்துக்கு 120 மளிகைக் கடைக்காரர்கள் பெயர் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். 50 பேர் வந்தார்கள். அவர்களில் 12 பேர் கால் மணி நேரத்துக்குள் வெளியேறிவிட்டார்கள். 70 பேர் வரவே இல்லை.

கூட்டத்தில் பேசிய தணிக்கையாளர், குளியல் சோப்புக்கட்டி, பற்பசை, தலை எண்ணெய், ஷாம்பு, பிஸ்கட் ஆகியவை 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கின என்றும், நெய், வெண்ணெய் 12இலிருந்து 5க்கு வந்தன என்றும் சொல்கிறார். எல்லாம் சரியே. ஆனால் தொடக்கத்தில் அவசரத்தில், "சோப்பெல்லாம் இனி 5" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். கடைசியில் ஒருவர் கேள்வி கேட்கும்போதுதான், "துணி சோப்பு, சலவைத் தூள், பாத்திரம் துலக்கும் சோப்பு ஆகியவை பழைய 18தான், குளியல் சோப்பிலும் கட்டிக்குத்தான் 5, திரவமாக வருவதற்கு 18" என்று திருத்திச் சொல்கிறார். ஐம்பதாவது நிமிடத்தில் வந்த திருத்தம் அது.

இப்போது பாருங்கள். முழுதும் இருந்த 38 பேருக்கு இரண்டும் தெரியும். கால் மணியில் போன 12 பேருக்கு "சோப்பெல்லாம் 5" என்பது மட்டும் தெரியும். வராத 70 பேருக்கு எதுவும் தெரியாது. மூன்று வகையாரில் உண்மையான ஆபத்து யாருக்கு என்று கேட்டால், நடுவில் நிற்கும் அந்த 12 பேருக்குத்தான். அவர்களில் ஒருவர் கணிப்பொறியில் சோப்பு வகை முழுவதையும் 5 என்று மாற்றி, சலவை சோப்புக்கும் அப்படியே ரசீது போட்டுக்கொண்டு போனால், குறைந்து போன 13 விழுக்காட்டை அவர் கைப்பணத்திலிருந்து கட்டவேண்டும். அதற்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் உண்டு. வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, சோப்புக்கு இன்னும் எட்டு ரூபாய் தரவேண்டும்" என்று கேட்க முடியுமா?

இந்த மூவருக்கும் "கலந்துகொண்டமைக்கு நன்றி" என்ற ஒரே வரி என்ன பயன் தரும் என்பதே நம் கேள்வி.

வந்தவர்களுக்கு என்ன எழுதலாம்?

முழுதும் இருந்தவருக்குப் பேசியதையே திரும்ப எழுதத் தேவையில்லை. கடையில் வந்து பருப்பு வாங்கிப் போனவரிடம் மறுநாள் பருப்பு இருக்கிறது என்று சொல்வது போன்றது அது. அவர் காத்திருப்பது வேறு மூன்றுக்காக: தருவதாகச் சொன்ன தாள், நேரமின்மையால் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள், கூட்டத்தில் தவறாகச் சொல்லப்பட்டதன் திருத்தம். அதன்பின் அவர் செய்யவேண்டிய அடுத்த வேலை ஒன்று, ஒன்றே ஒன்று, தேதியுடன். நாம் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்போம்:

"ஐயா, நேற்றைய கூட்டத்தில் முழு நேரமும் இருந்தமைக்கு நன்றி. ஒரு திருத்தம்: 'சோப்பெல்லாம் 5' என்று முதலில் சொன்னது சரியன்று. குளியல் சோப்புக்கட்டிக்கு 5. துணி சோப்பு, சலவைத் தூள், பாத்திர சோப்புக்கு 18. நேரமில்லாமல் விடுபட்ட கேள்வி: 18 கட்டி வாங்கிய பழைய சரக்கை 22ஆம் தேதிக்குப் பின் 5க்கு விற்கும்போது, முன்பு எடுத்த உள்ளீட்டு வரி வீணாகுமா? ஆகாது. உங்கள் வரவுக் கணக்கில் இருக்கும், வரி கட்டும்போது கழித்துக்கொள்ளலாம். சொன்ன பட்டியல் இத்துடன் உள்ளது. 21ஆம் தேதி இரவு கடை சாத்தியதும் கணிப்பொறியில் விகிதத்தை மாற்றிவிட வேண்டுகிறோம்."

மறுநாள் காலையே இது போய்ச் சேரவேண்டும். கேட்டது மனதில் இருக்கும்போது வந்தால்தான் திருத்தம் பழைய செய்தியின் மேல் உட்காரும். நான்கு நாள் கழித்து வந்தால் அதற்குள் ரசீது போட ஆரம்பித்திருப்பார்.

பாதியில் போனவர்களுக்கும் நன்றி சொல்லலாம். ஆனால் முதல் வரியே திருத்தமாக இருக்கவேண்டும். "நீங்கள் பாதியில் சென்றுவிட்டீர்கள்" என்று எழுதவேண்டாம். கடையில் யாரோ வந்து கால் கிலோ உளுந்து கேட்டிருப்பார், அவ்வளவுதான். "கூட்டத்தின் பிற்பகுதியில் முதலில் சொன்ன ஒரு விஷயம் மாற்றிச் சொல்லப்பட்டது" என்று தொடங்கினால், குத்தலும் இல்லை, வேலையும் முடிந்தது.

வராதவர் அக்கறையில்லாதவரா?

இதில்தான் நமக்குச் சங்கப் பொறுப்பாளர்கள் பலரோடு கருத்து வேறுபாடு. "பேர் கொடுத்துவிட்டு வராதவனுக்கு என்ன தனியாகக் கடிதம்?" என்று ஒரு பெரியவர் நம்மிடமே கோபப்பட்டார். நியாயமான கோபமாகத் தோன்றும். ஆனால் கூட்டம் எத்தனை மணிக்கு வைத்தோம் என்று பார்க்கவேண்டும். மாலை 7 மணி. உத்தியோகஸ்தர்களுக்கு அது ஓய்வு நேரம். மளிகைக் கடைக்கு அது கல்லா நிறையும் நேரம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் வரும் வாரங்களில் கூட்டம் வைத்தால், தேர் வீதிக் கடைக்காரர் ஒருவர்கூட வரமாட்டார், வரவும் கூடாது. பெயர் கொடுத்தார் என்பதே அவருக்கு விஷயம் வேண்டும் என்பதற்குச் சாட்சி. யாரும் அவரைக் கட்டாயப்படுத்திப் பெயர் எழுத வைக்கவில்லை.

அண்ணாமலை நகரில் இருந்துகொண்டு இது நமக்குப் புரியாமல் போகக்கூடாது. இங்குள்ள பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. 1979இலிருந்து தொலைதூரக் கல்வியும் நடத்தி வந்தது. பாடப் புத்தகம் வாங்கியவர் எல்லோரும் நேர்முக வகுப்புக்கு வந்து உட்கார்ந்தவர்கள் அல்லர். வேலை, குடும்பம், பயணச் செலவு என்று ஆயிரம் இருக்கும். வகுப்புக்கு வராதவருக்குப் புத்தகமே பாடம் என்பதால்தான் அந்தப் புத்தகம் வகுப்பை நம்பாமல் தானே முழுதாக நிற்கும்படி எழுதப்பட வேண்டியிருந்தது. நம் செய்தியும் அப்படித்தான் இருக்கவேண்டும். வந்தவருக்கான மடல் கூட்டத்தின் தொடர்ச்சி. வராதவருக்கான மடலோ அவருக்கு அதுவே கூட்டம்.

ஆகவே அதில் விஷயம் இருக்கவேண்டும். வெறும் இணைப்பை அனுப்பி "ஒரு மணி நேரப் பதிவைப் பார்க்கவும்" என்பது, வர நேரமில்லாத மனிதரிடம் மறுபடியும் அதே ஒரு மணி நேரத்தைக் கேட்பது. நாம் எழுதியிருந்தால்:

"ஐயா, வரி மாற்றக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தீர்கள். பார்க்க இயலாமல் போயிருந்தால், கடைக்குத் தேவையானது இதுதான். 22ஆம் தேதி முதல் பிஸ்கட், பற்பசை, ஷாம்பு, தலை எண்ணெய், குளியல் சோப்புக்கட்டி 5. நெய், வெண்ணெய் 5. துணி சோப்பு, சலவைத் தூள், பாத்திர சோப்பு மாறவில்லை, 18. காம்போசிஷன் முறையில் இருப்பவர் ரசீதில் வரி போடுவதில்லை என்பதால், அவருக்கு மாறுவது கொள்முதல் விலை மட்டுமே. பதிவில் 32ஆவது நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் பார்த்தால் போதும். நீங்கள் வழக்கமான முறை என்றால் 1 என்றும், காம்போசிஷன் என்றால் 2 என்றும் பதில் அனுப்புங்கள். அதற்குரிய தாளை அனுப்புகிறோம். அடுத்த விளக்கம் புதன் பிற்பகல் 3 மணிக்கு."

கவனித்தீர்களா, "நன்றி" இல்லை. "நீங்கள் வரவில்லை" என்பதும் இல்லை. "பார்க்க இயலாமல் போயிருந்தால்" என்று எழுதியதற்குப் பண்பு ஒரு காரணம். இன்னொரு பெரிய காரணம், வராதவர் பட்டியல் என்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் தப்பாக இருக்கும் என்பது. அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

பட்டியல் ஏன் பொய் சொல்கிறது

ஜூம் வெபினார் முடிந்ததும் ஒரு வருகை அறிக்கை எடுக்கலாம். அதில் Attended என்ற பத்தியில் ஆம், இல்லை என்றும், இன்னொரு பத்தியில் எத்தனை நிமிடம் இருந்தார் என்றும் வரும். இதைப் பார்த்துத்தான் பட்டியலைப் பிரிக்கிறோம். பிரிக்கும்போது குழிகள் பல.

ஒருவர் இடையில் இணைப்பு அறுந்து மறுபடி வந்தால், அவர் பெயர் இரண்டு மூன்று வரிகளில் வரும். மின்சாரம் போய்ப் போய் வருகிற மழைக்கால மாலையில் இது சர்வ சாதாரணம். ஒரு வரியில் 9 நிமிடம், அடுத்ததில் 14, இன்னொன்றில் 25 என்று இருக்கும். முதல் வரியை மட்டும் பார்த்து "கால் மணிக்குள் போனவர்" என்று எழுதிவிட்டால், 48 நிமிடம் உட்கார்ந்திருந்த மனிதரை அவமதித்ததாகும். ஒரே ஆளின் வரிகளைக் கூட்டிய பிறகுதான் பிரிக்கவேண்டும்.

பதிவு செய்தவருக்கு வரும் இணைப்பு அவருக்கென்றே தனியானது. அதை அவர் பக்கத்துக் கடைக்காரருக்கு அனுப்பி, பக்கத்துக் கடைக்காரர் அதை அழுத்தி உள்ளே வந்தால், வருகை பதிவு செய்தவர் கணக்கில் ஏறும். அதாவது வராதவர் வந்ததாகவும், வந்தவர் இல்லாததாகவும் ஆகும். கடையில் மகனின் கைப்பேசியில் தந்தை கேட்பதும், ஒரே கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு நான்கு பேர் கேட்பதும் உண்டு. அறிக்கை ஒருவரைத்தான் காட்டும்.

எல்லாவற்றிலும் பெரியது யூடியூப். இடம் போதாது என்று கூட்டத்தை அங்கேயும் நேரடியாக விடுகிறோம். அங்கே பார்த்தவர் ஒருவர்கூட ஜூம் அறிக்கையில் வரமாட்டார். பெயர் கொடுத்துவிட்டு, வசதியென்று யூடியூபில் முழுவதும் பார்த்த ஒருவருக்கு "நீங்கள் வராதது வருத்தமளிக்கிறது" என்று செய்தி போனால், அவர் அடுத்த கூட்டத்துக்குப் பெயர் கொடுப்பாரா?

இதற்குப் பெரிய மருந்து வேண்டியதில்லை. கூட்டத்தின் நடுவில், ஜூமிலும் யூடியூபிலும் பார்க்கிறவர்கள் தங்கள் கடைப் பெயரைச் சங்கத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு வரி அனுப்பும்படி கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பெயர்களை அறிக்கையோடு ஒத்துப் பார்த்தபின் எஞ்சுகிறவரே வராதவர். அப்படியும் நாலைந்து பேர் தவறுவார்கள். அவர்களுக்காகத்தான் அந்த "இயலாமல் போயிருந்தால்".

வெபினார் உரிமம் எடுத்தவர்களுக்கு ஜூமிலேயே ஒரு வசதி உண்டு. Follow-up Email to Attendees, Follow-up Email to Absentees என்று இரண்டு தனித்தனி மின்னஞ்சல்களை முன்கூட்டியே எழுதி வைத்தால், ஒரு நாளிலிருந்து ஏழு நாள் வரை நாம் சொன்ன இடைவெளியில் அவை தாமே போகும். நல்ல வசதிதான். ஆனால் முன்கூட்டியே எழுதும் மடலில் கூட்டத்தில் நேர்ந்த தவறுக்கான திருத்தம் எப்படி இருக்கும்? கூட்டம் முடிந்த இரவே போய்த் திருத்தி எழுதவேண்டும். அதை மறந்தால் வெறும் மாதிரி வாசகமே போகும். மேலும் நம் கடைக்காரர்களில் மின்னஞ்சலைத் தினம் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? மின்னஞ்சல் முகவரி என்று எழுதியிருப்பதே பலருக்குக் கணக்கர் முகவரி. ஆகவே எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வந்து நிற்கிறது.

வாட்ஸ்அப்பில் உள்ள சங்கடம்

குழுவில் போடக்கூடாது என்பது நம் உறுதியான கருத்து. வந்தவர், வராதவர் என்று பிரித்துப் போட்டால் ஊரே பார்க்கும். ஒரு சங்கத்தில் வராதவர்கள் பெயரையே வரிசையாகக் குழுவில் போட்டுவிட்டார்கள். அதன்பின் அங்கே பெயர் கொடுப்பதே குறைந்துவிட்டது. வணிகனுக்குப் பெயர்தான் முதல். அதைப் பொதுவில் கீழிறக்கிவிட்டுச் சந்தா கேட்கப் போகமுடியாது.

குழு வேண்டாம் என்றால் ஒலிபரப்புப் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். வந்தவர், பாதியில் போனவர், வராதவர் என்று மூன்று பட்டியல் போடலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அனுப்புகிற எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச்சேரும். இதில் உள்ள முரண்பாட்டைப் பாருங்கள். கூட்டத்துக்கு வருகிறவர் சங்கத்தோடு பழக்கமானவர், எண்ணைச் சேமித்திருப்பார். வராதவர்களில் பலர் புதியவர்கள், சேமித்திருக்க மாட்டார்கள். எந்தப் பட்டியலுக்குச் செய்தி அவசியமோ அந்தப் பட்டியலில்தான் செய்தி விழாமல் போகிறது. நாமோ அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறோம். "வராதவன் பதிலும் போடவில்லை பார்" என்று குற்றமும் சொல்கிறோம்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால் யாருக்குப் போய்ச்சேர்ந்தது, யார் படித்தார் என்று பெயர் வரும். மறுநாள் வரை அதில் காணாத பெயர்களைத் தனியே எழுதிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பவேண்டும், அல்லது தொலைபேசியில் கூப்பிட வேண்டும். 70 பேரில் 25 பேருக்கு அப்படிச் செய்ய நேர்ந்தால், இரண்டு பேர் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். முன்னெச்சரிக்கையாகச் செய்வது இன்னும் எளிது: பெயர் பதியும்போதே, "இந்த எண்ணைச் சேமித்து, 'பதிவு' என்று ஒரு சொல் அனுப்பினால்தான் பதிவு முழுமையாகும்" என்று வைத்துவிடலாம்.

குறுஞ்செய்தி மொத்தமாக அனுப்பலாமே என்று சிலர் கேட்பர். அனுப்பலாம், ஆனால் டிராய் விதிப்படி அனுப்புவோர் பெயரும் செய்தியின் வாசகமும் முன்கூட்டியே பதிவாகி ஒப்புதல் பெற்றிருக்கவேண்டும். 2024 அக்டோபர் முதல், செய்தியில் வரும் இணைப்பும் முன்பே பதிவு செய்ததாக இருக்கவேண்டும். அதாவது இரண்டு வகையாருக்கும் இரண்டு வாசகம் கூட்டத்துக்கு முன்பே ஒப்புதலாகி இருந்தால்தான் மறுநாள் அனுப்பமுடியும். கூட்டம் முடிந்தபின் யோசிக்கலாம் என்று இருப்பவருக்கு இது உதவாது.

அனுப்பும் நேரமும் ஆளுக்கு ஆள் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. வந்தவருக்கு மறுநாள் காலை என்றோம். வராதவருக்குக் காலையில் அனுப்பினால் சரக்கு இறங்கும் நேரத்தில் அது கீழே போய்விடும். மாலை 7க்கு அனுப்பினால், அவர் கூட்டத்துக்கு வராமல் போன அதே காரணத்தால் செய்தியையும் படிக்கமாட்டார். பிற்பகல் இரண்டரையிலிருந்து நான்குக்குள், சாப்பிட்டுக் கடையில் சற்றுச் சாய்ந்திருக்கும் நேரமே உகந்தது. ஒரு முறை அனுப்பலாம். பதில் இல்லையென்றால் விகிதம் மாறும் தேதிக்கு முன் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். மூன்றாவது வேண்டாம். மூன்றாவதுக்குப் பின் நம் எண்ணை அவர் ஓசையடக்கிவிடுவார்; பிறகு வெள்ள எச்சரிக்கை அனுப்பினாலும் பார்க்கமாட்டார்.

பதிவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கேள்வி நேரத்தில் நம் வணிகர்கள் மனம் திறந்து பேசிவிடுகிறார்கள். ஆண்டு விற்பனை இவ்வளவு, இன்ன நோட்டீஸ் வந்திருக்கிறது என்றெல்லாம் பெயருடன் சொல்லுகிறார்கள். கூட்டத்தில் இருந்த 50 பேர் கேட்டது ஒரு வகை; அதே பேச்சு வராத 70 பேர் கைக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ சுற்றுவது வேறு வகை. வராதவர்களுக்கு அனுப்பும் பதிவில் கேள்வி நேரத்தை வெட்டிவிட்டு, கேள்விகளையும் பதில்களையும் பெயரில்லாமல் எழுத்தில் தருவதே முறை.

அதேபோல், கூட்டச் செலவை ஏற்ற நிறுவனத்துக்கு வராதவர்களின் எண்களைத் தூக்கிக் கொடுப்பதும் நடக்கிறது. வரி விளக்கத்துக்காக எண் கொடுத்தவருக்குத் தராசு இயந்திரம் விற்கக் கூப்பிடுகிறார்கள். தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்து, அதன் விதிகளும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. எந்த நோக்கத்துக்கு எண் தரப்பட்டதோ அதற்குத்தான் பயன்படுத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை. கட்டாயமாகும் தேதி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே நிறுத்திக்கொள்வது சங்கங்களுக்கு நல்லது.

செய்தி பயன்பட்டதா என்பதை எப்படி அறிவது? பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை நாம் நம்புவதில்லை. அதில் நாமே திறந்து பார்த்ததும், ஒருவரே நான்கு முறை திறந்ததும் சேர்ந்திருக்கும். 1 என்றும் 2 என்றும் வந்த பதில்களை எண்ணினால் போதும். 70 பேரில் 20 பேர் பதில் போட்டு, அவர்களுக்கு உரிய தாள் போய்ச்சேர்ந்தால், கூட்டத்துக்கு மேலும் 20 பேர் வந்ததற்குச் சமமான பயன் அது. பதில் போட்டவர்களிடம், "எந்த நேரம் வசதி?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணி என்று பெரும்பாலோர் சொன்னால், 7 மணிக்குக் கூட்டம் வைத்தது நம் பிழை. அடுத்த கூட்டத்தின் அறிவிப்பை மூன்று மணி என்று போட்டு, அந்த 70 பேருக்கு முதலில் அனுப்பி, அதன் பிறகு மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டுகிறோம்.